குழி எங்கே, மிச்சம் எவ்வளவு: இடத்தையும் அளவையும் வைத்து ஃபில்லிங்கைத் திட்டமிடுவது

இரண்டு பற்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஒரு முன்கடைவாய்ப்பல். பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்துக்குச் சற்றுக் கீழே சொத்தை தொடங்கி, எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கிறது. இரண்டாவது ஒரு கீழ்க் கடைவாய்ப்பல். அதே பக்கத்தில் தொடங்கிய சொத்தை உள்ளுக்குள் பரவி, நாக்குப் பக்கத்து கஸ்ப், அதாவது மேல்பரப்பின் மேடு, ஒன்று ஓடு மாதிரி நிற்கிறது. இந்த இரண்டுக்கும் கேஸ் ஷீட்டில் நாம் எழுதுவது ஒரே வார்த்தை: கிளாஸ் 2.

அந்த வார்த்தை சொத்தை எந்தப் பரப்பில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. பல்லில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்வதில்லை. ஆனால் ஃபில்லிங்கின் வடிவத்தை முடிவு செய்வது அந்த மிச்சம்தான்.

கிளாஸ் 1 முதல் 5 வரையிலான வகைப்பாடு ஜி.வி. பிளாக் வகுத்தது. 1908-இல் வந்த அவருடைய பாடநூல் வழியாகப் பரவிய முறை அது. அவர் காலத்தில் பல்லோடு ஒட்டும் ஃபில்லிங் பொருள் கிடையாது. அமால்கம் பிடித்து நிற்க வேண்டுமானால் குழிக்கு ஒரு வடிவம் வேண்டும், உடையாமல் இருக்க ஒரு தடிமன் வேண்டும். அதனால் ஒவ்வொரு கிளாஸும் சொத்தையின் பெயராக இருந்ததோடு, வெட்ட வேண்டிய குழியின் வரைபடமாகவும் இருந்தது. சொத்தை சிறிதாக இருந்தாலும் வரைபடம் சிறிதாகாது. எனாமலோடும் டென்டினோடும் ஒட்டும் பொருட்கள் வந்த பிறகும் நாம் அந்த வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கிரஹாம் மவுன்ட், ரோரி ஹ்யூம் என்ற இருவர் 1997-இல் வெளியிட்ட முறை இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்தது. சொத்தை எந்த இடத்தில்? எந்த அளவில்? இரண்டுக்கும் ஆளுக்கொரு எண். 2.3 என்று எழுதினால் சைட் 2, சைஸ் 3 என்று பொருள்.

இடம்: மூன்றே மூன்று

பல்லில் கிருமிப் படலமான பிளேக் படிந்து தங்கும் இடங்கள் மூன்றுதான். கடைவாய்ப்பற்களின் மேல்பரப்பில் உள்ள குழிகளும் ஃபிஷர்களும், முன்பற்களின் பின்புறத்துச் சின்னக் குழிகளும் சைட் 1. பக்கத்துப் பல்லைத் தொடும் பகுதி சைட் 2. ஈறை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கும், ஈறு இறங்கியிருந்தால் வெளியே தெரியும் வேர்ப்பரப்பும் சைட் 3. முன்பல், பின்பல் என்ற பிரிவே இதில் இல்லை. பிளாக்கின் கிளாஸ் 2, 3, 4 மூன்றும் சைட் 2-க்குள் அடங்கிவிடும்.

இதில் மாணவர்கள் தடுமாறுவது அபூர்வம். சைஸ்தான் கொஞ்சம் உட்கார்ந்து புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அளவு: பள்ளத்தின் அளவு இல்லை

சைஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் மனம் போகும். நானும் அப்படித்தான் படித்தேன், ஒரு வைவாவில் அப்படியே சொல்லித் திட்டும் வாங்கினேன். இந்த முறையில் சைஸ் என்பது சொத்தையை எடுத்த பிறகு பல் எந்த நிலையில் நிற்கிறது என்பதற்கான எண்.

சைஸ் 0 என்றால் ஆரம்ப நிலை. பரப்பில் பள்ளம் விழவில்லை, தாது திரும்பப் படிய வாய்ப்பிருக்கிறது, பல்லைத் துளைக்கும் பர் எடுக்கத் தேவையில்லை. (முதலில் வந்த முறையில் இது இல்லை, பின்னால் சேர்ந்தது.) சைஸ் 1 என்றால் அந்தக் கட்டத்தை இப்போதுதான் தாண்டியிருக்கிறது. டென்டின் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது, சிறிதாகத் திறந்து அடைத்தால் போதும். சைஸ் 2-இல் டென்டின் மிதமாகப் போயிருக்கும். ஆனாலும் மிச்சமிருக்கும் எனாமலுக்குக் கீழே டென்டினின் தாங்கல் இருக்கும், பல் தன் பலத்திலேயே நிற்கும், ஃபில்லிங்கையும் தாங்கும். சைஸ் 3-இல் கணக்கு தலைகீழாகிறது. ஒரு கஸ்ப்போ வெட்டுமுனையோ பலவீனமாகிவிட்டது, விரிசல் விட்டிருக்கிறது, அல்லது அப்படியே விட்டால் கடிபாரத்தில் உடையும். இங்கே ஃபில்லிங்தான் பல்லைத் தாங்க வேண்டும். சைஸ் 4-இல் அந்தக் கஸ்ப் ஏற்கெனவே போய்விட்டது.

ஆக, 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் பெரிய கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பல் ஃபில்லிங்கைத் தாங்குகிறது. அந்தப் பக்கம் ஃபில்லிங் பல்லைத் தாங்குகிறது. மற்ற எண்களில் தவறினால் ஓரளவு சமாளிக்கலாம். இந்தக் கோட்டில் தவறினால் சில மாதத்தில் உடைந்த கஸ்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளி வந்து நிற்பார். எனவே கடைவாய்ப்பற்களின் சைட் 2-ஐ எடுத்துக்கொண்டு 2.1-லிருந்து 2.3 வரை நடந்து பார்ப்போம்.

முதல் படி: படத்தைப் பார்த்து ஒரு தற்காலிக எண்

பல்லைத் துடைத்து, காற்றடித்து உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேல்பரப்பின் ஓரத்து வரம்பான மார்ஜினல் ரிட்ஜுக்குக் கீழே சாம்பல் நிற நிழல் தெரிந்தால் உள்ளே டென்டின் போயிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து பைட்விங் எக்ஸ்ரே. சைட் 2 சொத்தை பெரும்பாலும் தொடும் புள்ளிக்குச் சற்றுக் கீழேதான் தொடங்கும், அங்கே தேடுங்கள்.

எக்ஸ்ரே பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்லும். தாது கணிசமாகக் கரைந்த பிறகுதான் படத்தில் கறுப்பு தெரியும். அதனால் படத்தில் டென்டினின் வெளி மூன்றில் ஒரு பங்கு வரை தெரிந்தால், நிஜத்தில் அதைவிடக் கொஞ்சம் ஆழம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், பரப்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா இல்லையா என்பதைப் படம் சொல்லாது. சைஸ் 0-வா 1-ஆ என்று சந்தேகம் வந்தால், பல் சீரமைப்பில் பயன்படுத்தும் ரப்பர் செப்பரேட்டரை இரண்டு பற்களுக்கும் நடுவே சில நாள் வைத்துவிட்டு, விலகிய இடைவெளியில் நேராகப் பாருங்கள். பரப்பு உடையாமல் இருந்தால் பர்ருக்கு வேலை இல்லை.

இப்போது கிடைப்பது தற்காலிக எண் மட்டுமே. ஷீட்டில் பென்சிலால் எழுதுங்கள் என்பேன்.

2.1: எப்படி உள்ளே போவது

பள்ளம் விழுந்துவிட்டது, சிறியது. கேள்வி எல்லாம் வழியைப் பற்றியது, ஏனென்றால் நடுவில் நிற்பது நல்ல மார்ஜினல் ரிட்ஜ்.

ரிட்ஜின் உச்சியிலிருந்து சொத்தை 2.5 மி.மீ.க்கு மேல் கீழே இருந்தால் டனல் முறை சாத்தியம் என்பது வழக்கமான அளவுகோல். ரிட்ஜிலிருந்து சுமார் 2 மி.மீ. உள்ளே, மேல்பரப்பின் பள்ளத்திலிருந்து சாய்வாகத் துளைத்துச் சொத்தையைப் போய்ச் சேர்வீர்கள். ரிட்ஜ் அப்படியே இருக்கும். உள்ளே கிளாஸ் அயனோமர், மேல்வாயிலில் காம்போசிட்.

சொத்தை அதைவிட ரிட்ஜுக்கு நெருக்கமாக இருந்தால் ஸ்லாட். ரிட்ஜின் வெளிப்புறத்திலிருந்து நேரே கீழே இறங்கி, சொத்தை எவ்வளவோ அவ்வளவு மட்டும் ஒரு சிறிய பெட்டி. மேல்பரப்பின் ஃபிஷருக்குள் வால் இழுக்க வேண்டாம். பிளாக் முறையில் பழகிய கை தானாக நடுப்பள்ளத்துக்குப் போகும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வால் அமால்கம் நழுவாமல் இருக்கப் போட்டது. எனாமலோடு ஒட்டும் காம்போசிட்டுக்கு அது தேவையில்லை.

டனல் பற்றி என் கருத்து: படத்தில் அழகாக இருக்கும், வாயில் கஷ்டம். இருட்டில் சாய்வாகத் துளைக்கும்போது சொத்தை முழுதும் வந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. பல்லின் நடுவில் நரம்பு இருக்கும் பல்ப் பக்கம் சாய்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. காப்பாற்றிய ரிட்ஜே பின்னால் உடைவதுதான் இதில் நன்கு அறியப்பட்ட தோல்வி. மாணவர்களுக்கு நான் ஸ்லாட்டைத்தான் சொல்வேன்.

பக்கத்துப் பல்லை மறக்காதீர்கள். பெட்டியை வெட்டும் முன் இரண்டு பற்களுக்கும் நடுவே ஒரு உலோகப் பட்டையையும் வெட்ஜையும் வையுங்கள். பர் அந்தப் பல்லின் எனாமலை ஒரு தடவை உரசினாலும் அங்கே கரடாகும், கரடில் பிளேக் தங்கும். ஒரு 2.1-ஐச் சரிசெய்யப் போய்ப் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்கிவைப்பதாகிவிடும்.

2.2: பெட்டியும் அதன் தரையும்

இங்கே ரிட்ஜ் ஏற்கெனவே உட்புறம் அரிக்கப்பட்டிருக்கும், அதைக் காப்பாற்றப் பார்ப்பதில் பொருளில்லை. நேரே திறக்கலாம். வெட்டின் எல்லையைச் சொத்தைதான் சொல்லும்.

சொத்தை எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் ஓரங்கள். எனாமலும் டென்டினும் சேரும் கோட்டைச் சுற்றிலும், புரோப் கீறும்போது கரகரவென்று சத்தம் வரும் அளவுக்குக் கெட்டியான டென்டின் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். ஒட்டும் பொருள் சீல் வைப்பது இந்த வளையத்தில்தான். அதற்குப் பிறகு பல்ப்புக்கு மேலே உள்ள சுவர். அங்கே ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால், அல்லது வேகம் குறைவாகச் சுழலும் பெரிய வட்ட பர்ரால், ஈரமாகக் கூழாக வருவதை எடுங்கள். தோல் மாதிரி உரிந்து வரும் நிலைக்கு வந்ததும் கை மெதுவாக வேண்டும். சொத்தை ஆழமாகப் போய் பல்ப்பை நெருங்குகிறது, பல்ப் உயிரோடு நன்றாக இருக்கிறது என்றால், அந்த மென்மையான அடுக்கைக் கொஞ்சம் விட்டுவைத்து மேலே நன்றாக அடைப்பதே நல்லது. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழுப்பாக இருக்கும் டென்டின் கல் மாதிரி கெட்டியாக இருப்பதும் உண்டு.

பெட்டியின் ஈறுப்பக்கத் தரையைப் பாருங்கள். அங்கே எனாமல் விளிம்பு இருக்கிறதா? இருந்தால் காம்போசிட் நேராக உட்காரலாம். இல்லை, தரை எனாமலைத் தாண்டி வேரின் டென்டினில் முடிகிறது என்றால் காம்போசிட் அங்கே நம்பத்தக்கதாக ஒட்டாது. இறுகும்போது அது கொள்ளளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். அந்த இழுப்பில் முதலில் விடுபடுவது பிடிப்புக் குறைந்த ஈறுப்பக்க விளிம்புதான். அப்போது கீழ்ப்பகுதியை கிளாஸ் அயனோமரால் நிரப்பி மேலே காம்போசிட் போடுவது வழக்கம். சாண்ட்விச் என்று சொல்வோம். டென்டினை 10 சதவீத பாலிஅக்ரிலிக் அமிலத்தால் சுமார் 10 விநாடி துடைத்துக் கழுவிவிட்டு, பளபளப்பு போகாத அளவுக்கு லேசாக உலர்த்தி, பிறகு அயனோமர்.

வடிவத்தைப் பற்றி இதற்கு மேல் 2.2-இல் சொல்ல அதிகமில்லை. உள்மூலைகள் உருண்டையாக இருக்கட்டும், கூர்மையான மூலையில் அழுத்தம் குவியும். தாங்கலில்லாமல் தொங்கும் எனாமல் கடிபாரம் படும் இடத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கோட்டைத் தாண்டிவிட்டதா: மூன்று சோதனை

சொத்தை எடுத்து முடித்ததும் பர்ரைக் கீழே வையுங்கள். பல்லைக் கழுவி உலர்த்திவிட்டு, மேட்ரிக்ஸைத் தொடும் முன் மூன்று விஷயத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, அகலம். நடுப்பள்ளத்திலிருந்து கஸ்ப்பின் முனைவரை உள்ள தூரத்தை மனதில் அளந்துகொள்ளுங்கள். குழியின் விளிம்பு அதில் பாதிக்குள் நின்றால் கஸ்ப் பெரும்பாலும் பத்திரம். பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் அந்தக் கஸ்ப்பை மூடியே ஆக வேண்டும் என்பது பழைய விதி. ஒட்டும் பொருட்கள் வந்த பிறகும் அது நல்ல வழிகாட்டியாகவே இருக்கிறது.

இரண்டு, தடிமன். கஸ்ப்பின் அடிப்பாகத்தைத் தடிமன் அளக்கும் காலிப்பரால் அளந்து பாருங்கள். கண்ணால் மதிப்பிட்டால் ஏறக்குறைய எல்லோரும் கூட்டித்தான் சொல்கிறார்கள். கடிபாரத்தை நேராகத் தாங்கும் கஸ்ப்புக்கு, அதாவது மேலே அண்ணப் பக்கமும் கீழே கன்னப் பக்கமும் உள்ளவற்றுக்கு, குறைந்தது 2 முதல் 2.5 மி.மீ. வேண்டும். மற்றதற்கு 1.5 முதல் 2 மி.மீ. இந்த எண்கள் கைக்கணக்கு. பல்லை இரவில் நறநறவென்று கடிப்பவருக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று, விரிசல். கஸ்ப்பின் அடியில், குழித்தரையும் சுவரும் சேரும் மூலையில் ஒரு கோடு ஓடுகிறதா? ஒளியைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சினால் தெரியும். விரிசலில் ஒளி நின்றுவிடும், அதற்கு அந்தப் பக்கம் இருட்டாகும்.

இரண்டு மார்ஜினல் ரிட்ஜும் போயிருந்தால் மூன்று சோதனையிலும் இன்னும் கண்டிப்பாக இருங்கள். பிடுங்கிய முன்கடைவாய்ப்பற்களில் செய்து 1989-இல் வெளியான ஒரு ஆய்வில், ரிட்ஜ் இரண்டும் அப்படியே இருக்க மேல்பரப்பில் மட்டும் வெட்டிய பல் விறைப்பில் 20 சதவீதம் இழந்தது. இரண்டு பக்க ரிட்ஜையும் எடுத்த பல் 63 சதவீதம் இழந்தது. வேர்ச்சிகிச்சைக்கான துளை மட்டும் போட்டபோது இழப்பு 5 சதவீதம்தான். ரிட்ஜ்தான் கஸ்ப்களைக் கட்டிப்போடும் கயிறு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கேஸ்: 2.2 என்று தொடங்கி

38 வயதுப் பெண். கீழ் வலது முதல் கடைவாய்ப்பல், அதாவது 46. மேல்பரப்பில் பல வருடம் முந்தைய அமால்கம். பைட்விங்கில், முன்னால் இருக்கும் பல்லான 45-ஐத் தொடும் பக்கத்தில் டென்டினின் வெளி மூன்றில் ஒரு பங்கு வரை சொத்தை. பார்த்த மாணவர் 2.2 என்று எழுதினார். தவறில்லை, படத்தை மட்டும் வைத்துச் சொன்னால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் அந்தப் பெண் ஒன்று சொன்னார்: "கெட்டியா எதையாவது கடிக்கும்போது வலிக்கல டாக்டர். வாயைத் திறக்கும்போது சுரீர்னு ஒண்ணு வருது, உடனே போயிடுது." கடியை விடும்போது வரும் வலி விரிசலின் அடையாளம். கடிசோதனைக் குச்சியை ஒவ்வொரு கஸ்ப்பின் மேலும் தனித்தனியாக வைத்துக் கடிக்கச் சொன்னோம். முன்புற நாக்குப் பக்க கஸ்ப்பில் மட்டும், விடும்போது, முகம் சுளித்தார். குளிர் வைத்தபோது உடனே உணர்ந்தார், எடுத்த சில விநாடியில் போய்விட்டது. தட்டினால் வலி இல்லை. பல்லைச் சுற்றி ஈறில் புரோப் போட்டுப் பார்த்தோம், எந்த இடத்திலும் குறுகலாக ஆழமாக இறங்கவில்லை. பல்ப் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது, விரிசல் வேர்வரை போகவில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

ரப்பர் டாம் போடும் முன்னால் கடித்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, எதிர்ப்பல் எங்கே படுகிறது என்று குறித்துக்கொண்டோம். டாம் போட்ட பிறகு அந்த வாய்ப்பு கிடையாது, அதனால் இது எப்போதும் முதலில்.

பழைய அமால்கத்தை எடுத்ததும் நாக்குப் பக்கச் சுவரின் அடியில் மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தது. நடுப்பள்ளத்திலிருந்து அந்தக் கஸ்ப்பின் முனைக்கு ஏறக்குறைய 3 மி.மீ. பழைய குழி அதில் 2.2 மி.மீ. வரை போயிருந்தது. மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டது. அப்புறம் 45 பக்கத்துப் பெட்டியைத் திறந்து சொத்தையை எடுத்தோம். இப்போது அந்தக் கஸ்ப் முன்பக்கத் தாங்கலையும் இழந்தது. காலிப்பர் காட்டியது 1.6 மி.மீ. கன்னப் பக்க கஸ்ப்கள் 2.8 மி.மீ.க்குக் குறையவில்லை, நாக்குப் பக்கத்துப் பின் கஸ்ப்பும் தடிமனாக இருந்தது.

கடியைத் தாங்காத கஸ்ப்புக்கு 1.6 என்பது எல்லையில் நிற்கும் எண். அது மட்டும் இருந்திருந்தால் வாதம் செய்யலாம். அகலமும் விரிசலும் சேர்ந்த பிறகு வாதத்துக்கு இடமில்லை. பென்சில் எண்ணை அழித்து 2.3 எழுதினோம்.

2.2-ஆகவே நினைத்து அடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? காம்போசிட் சுருங்கும்போது அந்த மெல்லிய சுவரை உள்ளே இழுக்கும். விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியலாம், சில நாளுக்குக் கூச்சம் இருக்கலாம். ஒவ்வொரு கடியிலும் விரிசல் திறந்து மூடும். ஒருநாள் கஸ்ப் விழும். அதிர்ஷ்டம் இருந்தால் ஈறுக்கு மேலே உடையும், இல்லாவிட்டால் கீழே. ஈறுக்குக் கீழே உடைந்தால் அந்த விளிம்பை அடைப்பது வேறு கதை.

வடிவம் இப்படி மாறியது. முன்புற நாக்குப் பக்க கஸ்ப்பில் 2 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு பள்ளக்கோடுகள் போட்டு, அவை மறையும்வரை, கஸ்ப்பின் சரிவை ஒட்டியே குறைத்தோம். கண்மதிப்பில் குறைத்தால் சரிவின் நடுவில் 1 மி.மீ.தான் போயிருக்கும், பள்ளக்கோடு அதைத் தடுக்கும். கடியைத் தாங்காத கஸ்ப்புக்கு 1.5 முதல் 2 மி.மீ. போதும். தாங்கும் கஸ்ப்பாக இருந்தால் 2-க்குக் குறையக் கூடாது. விரிசலைத் துரத்திக்கொண்டு போகவில்லை. அது ஈறுக்கு மேலேயே முடிந்தது, மேலே போடும் மூடி அந்தக் கஸ்ப் வெளிப்பக்கம் விரியாமல் பிடித்துக்கொள்ளும். முழுக் கஸ்ப்பையும் எடுத்துவிடலாம் என்பவர்கள் உண்டு. அப்படி எடுத்தால் நாமே 2.3-ஐ 2.4 ஆக்கியதாகும். மற்ற கஸ்ப்களைத் தொடவில்லை. சைஸ் 3 என்றதும் எல்லாக் கஸ்ப்பையும் வெட்டத் தேவையில்லை, பலவீனமானதை மட்டும்.

ஈறுப்பக்கத் தரையில் ஏறக்குறைய 1 மி.மீ. எனாமல் இருந்ததால் சாண்ட்விச் தேவைப்படவில்லை. பகுதி மேட்ரிக்ஸ், வெட்ஜ், வளையம் வைத்தோம். எனாமலுக்கு மட்டும் 15 விநாடி பாஸ்பாரிக் அமிலம், கழுவி உலர்த்திய பிறகு ஒட்டுத்திரவம். முதலில் 45 பக்கச் சுவரைக் கட்டினோம். அது முடிந்ததும் மேட்ரிக்ஸை எடுத்துவிட்டால் பார்வையும் இடமும் கிடைக்கும். பிறகு கஸ்ப்பின் வெளி ஓட்டை, அப்புறம் உட்புறத்தை, 2 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாக ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்கி நிரப்பினோம். டாமை எடுத்ததும் கடித்தாள். நேர்க்கடியில் பழைய குறிகள் அப்படியே வர வேண்டும், பக்கவாட்டில் நகர்த்தும்போது புதிய கஸ்ப்பில் குறி விழக் கூடாது. விழுந்தது, கொஞ்சம் தேய்த்தோம்.

இதை நேரடிக் காம்போசிட்டில் செய்ததற்குக் காரணம் ஒரே கஸ்ப் என்பதுதான். இரண்டு மூன்று கஸ்ப்களை மூட வேண்டியிருந்தால் லேபில் செய்த ஆன்லேயைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். வாய்க்குள் அவ்வளவு வடிவத்தைக் கையால் கொண்டுவருவது கடினம், சுருக்கத்தின் மொத்த இழுப்பும் அதிகம்.

இரண்டு வாரம் கழித்து அதே குச்சியை அதே கஸ்ப்பின் மேல் வைத்துக் கடிக்கச் சொன்னோம். வலி இல்லை. அப்போதும் இருந்திருந்தால், அல்லது குளிருக்கு வரும் வலி நின்று நீடித்திருந்தால், விரிசல் நினைத்ததைவிட ஆழம் என்று கொண்டு வேர்ச்சிகிச்சையும் கிரவுனும் யோசிக்க வேண்டியிருக்கும்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

சைட் 1-இல் இதே தர்க்கம்தான். ஃபிஷரில் ஒரு இடத்தில் மட்டும் சொத்தை என்றால் அது 1.1. அந்தத் துண்டை மட்டும் திறந்து அடைத்து, மீதி ஃபிஷரை சீலன்ட்டால் மூடலாம். 1.3 வந்தால் மேலே சொன்ன மூன்று சோதனையும் அப்படியே பொருந்தும்.

முன்பற்களின் சைட் 2-இல் கஸ்ப்புக்குப் பதில் வெட்டுமுனையின் மூலை. மூலைக்கு அடியில் டென்டின் இல்லாமல் எனாமல் மட்டும் நின்றால் 2.3, மூலை போய்விட்டால் 2.4. பிளாக்கின் கிளாஸ் 4 இதுதான்.

சைட் 3-இல் கடிபாரத்தைவிட ஈரம்தான் எதிரி. ஈறு கசியும், ஒரு விளிம்பு பெரும்பாலும் வேரில் இருக்கும். அதனால் இங்கே அளவைவிடப் பொருள் தேர்வுதான் கேள்வி, பல சமயம் விடை கிளாஸ் அயனோமர்.

எண் சொல்லாதவை

இந்தக் குறியீடு சொத்தை வேகமாகப் பரவுகிறதா, நின்றுபோனதா என்று சொல்லாது. நோயாளியின் சொத்தை ஆபத்தையும் சொல்லாது. அவற்றைத் தனியாக எழுதுங்கள். ஒரே பல்லில் இரண்டு பக்கமும் சொத்தை இருந்தால் ஒரே எண்ணில் அடைக்காதீர்கள், பக்கத்தைக் குறிப்பிட்டு இரண்டாக எழுதுங்கள். 2-க்கும் 3-க்கும் நடுவில் இரண்டு பேர் வேறு வேறு எண் சொல்வது சகஜம். அப்படி நடந்தால் எண்ணைப் பற்றிப் பேசாமல், எந்தக் கஸ்ப், எத்தனை மில்லிமீட்டர், விரிசல் உண்டா என்று பேசுங்கள்.

அந்தக் கேஸின் ஷீட்டில் கடைசியாக நின்ற வரி இது: "46, 45 பக்கம், எடுக்குமுன் 2.2, எடுத்தபின் 2.3, முன் நாக்குப் பக்க கஸ்ப் 1.6 மி.மீ., அடியில் விரிசல், 2 மி.மீ. குறைத்து மூடியது, ஈறுத்தரையில் எனாமல் உண்டு." அடுத்த முறை பைட்விங் எடுப்பவர் வேறு யாராக இருந்தாலும், அந்தக் கஸ்ப் ஏன் காம்போசிட்டுக்கு அடியில் இருக்கிறது என்று அவர் கேட்கத் தேவையிருக்காது.